ஐந்தாம் பதிவுக்கும் ஆறாம் பதிவுக்கும் நடுவில்

என் அண்ணன் ஆறாம் பதிவில் எழுதியது பொய். அந்தப் பொய்க்கு ஆயிரக்கணக்கான பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். போன வாரம் அதை மறுபடியும் தூசி தட்டி மேலே ஏற்றியிருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அப்பா மாங்காட்டுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் கீரை போடுகிறவர். மூன்று பக்கமும் வீட்டு மனைக்கல் நட்டுவிட்டார்கள், நடுவில் அவருடைய கீரை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனியில் தைத்தாள்.

அண்ணனோடு படித்த ஒருவன் தன் கதையை நெட்டில் துண்டு துண்டுப் பதிவுகளாக, த்ரெட்டாகப் போட்டானாம். அதைப் படித்து ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டதாம். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. விவசாயி மகன் இன்ஜினியர் ஆன கதையைப் பத்துப் பதிவாக எழுதத் தொடங்கினான்.

அது லேசான வேலை இல்லை. ஒரு பதிவுக்கு இருநூற்று எண்பது எழுத்துதான். தமிழில் புள்ளியையும் கொம்பையும்கூட அந்தக் கணக்கில் தனித்தனியாகச் சேர்த்துவிடும் என்பதால் நாலு வரிக்குள் மூச்சு முட்டும். முதல் பதிவில் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் கடைசி வரியும் அடுத்ததைப் படிக்க இழுக்க வேண்டும். மூன்றாவதோடு பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், அதனால் நாலாவதில் படம். கடைசியில், "முதல் பதிவைப் பகிருங்கள்" என்று கேட்க வேண்டும்.

எங்கே வெட்டுவது என்று சோதிக்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கிடைத்தேன். போனில் எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுவான். நான் காலைச் சொறிந்தால் அந்த வரியை அழிப்பான். "அப்பால?" என்று கேட்டால் அங்கேயே பதிவை முடிப்பான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் பதிவில் சிக்கினான். காலேஜ் சீட்டுக்கான கவுன்சிலிங்குக்கு முதல் நாள், அப்பா நிலத்தில் நின்ற கதை.

"நின்னாருன்னு போட்டா சப்புனு கீது பாப்பா. நிக்கிறாருன்னு போடட்டா? இப்பவே நடக்குற மாதிரி?"

"போடு. பயமா இருக்கும்."

நான்தான் சொன்னேன். இதை மறைக்கப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து பதிவையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்துப் போட்டான். ஐந்தாவது இதுதான்:

"5/10. அப்பா நிலத்தில் தனியாக நிற்கிறார். கையில் பூச்சிமருந்து பாட்டில். மூடி திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறார். ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார்."

அதோடு நிறுத்தினான். மீதியை ஒரு மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். நடுவில் ஜனங்கள் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கீழே கேட்கக் கேட்க, த்ரெட் இன்னும் நிறையப் பேர் கண்ணில் படும் என்று அந்த நண்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். அதுவரை யாருக்கும் பதில் சொல்லக் கூடாதாம். அண்ணன் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு முடிவெட்டப் போனான்.

யாரோ ஒரு சொந்தக்காரர் ஐந்தாம் பதிவை மட்டும் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஐந்தின் கீழ் பத்து என்றால் என்னவென்று அங்கே யாருக்குத் தெரியும்? நிற்கிறார் என்று இருந்தது. அப்படியென்றால் இப்போது நிற்கிறார்.

ஆவடியிலிருந்து மாமா வண்டியில் வந்து இறங்கினார். செருப்புகூடப் போடவில்லை.

"உங்கொப்பன் எங்கடி?"

"நெலத்துல, மாமா."

"ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாரே. ஒங்கண்ணன் இன்னாத்த எழுதி வெச்சிகீறான்? எங்க அவன்?"

அப்பா எப்போதும் சட்டையைக் கழற்றி மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டிவிடுவார். போன் சட்டைப் பையில் இருக்கும். நான் அதைச் சொல்லியிருக்கலாம். அது கதைதான் மாமா என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் செருப்பில்லாத மாமாவின் காலைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆறாம் பதிவை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டவில்லை. "நீயும் காத்துக்கினு இரு" என்றிருந்தான். அந்த ஒற்றை வார்த்தை என்ன என்று எனக்கும் தெரியாது.

வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். நிலத்துக்குப் போகும் மண் பாதையில் அம்மா ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள். டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. எங்களைப் பார்க்கவே இல்லை, ஓடினாள். நானும் இறங்கி ஓடினேன். என் வாயால்தான் இது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அப்பா வரப்பில் குந்தி அரைக்கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா, அல்லாரும் ஊர்கோலமா வந்துகினு கீறீங்க?"

அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, இருமல்தான் வந்தது. மாமா, "யோவ், ஃபோன்னு ஒண்ணு எதுக்குய்யா வெச்சிகீற?" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாரோ போய்ச் சொல்லி, பாதி வெட்டிய தலையோடு அண்ணன் வந்து சேர்ந்தபோது, மாமா கன்னத்தில் ஒன்று விட்டார்.

"அப்பன் உசுர வெச்சாடா ஆள் சேக்குற?"

"மாமா, அடுத்ததுல சொல்லிட்டேன் மாமா! மருந்தடிக்கத்தான் நின்னாருன்னு எழுதிகீறேன்!"

அப்பா ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். "படி பாப்பா, கேப்போம்" என்றார். நான் ஐந்து பதிவையும் படித்தேன். இன்னும் போடாத ஆறாவதை அண்ணன் படித்தான். "'தள்ளு' என்றார் அப்பா. 'கண்ணுல பட்டுடும்.' கீரைக்கு மருந்தடிக்க வந்தவர், என் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டார்."

மாமாகூடச் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்தார்.

"இது ஒனக்கு எப்டிரா தெரியும்?"

"சும்மா நானா போட்டதுப்பா."

"நீயாவா?"

"ஆமாப்பா."

அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் குந்திக்கொண்டார். அன்று அவர் கட்டிய கட்டெல்லாம் தூக்கும்போதே அவிழ்ந்தது. சாயங்காலம், கொட்டகையில் இருந்த மருந்து டப்பா அத்தனையும் மூட்டையாகக் கட்டி அம்மாவிடம் கொடுத்து, "நீயே வெச்சிக்கோ, வேணும்னா கேக்குறேன்" என்றார். கதையைக் கேட்டு ஜாக்கிரதையாகிவிட்டார் என்று நினைத்தேன். அம்மா எதுவும் கேட்காமல் வாங்கிப் பூட்டியதை, அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

அண்ணன் மீதிப் பதிவுகளைப் போட்டான். த்ரெட் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு கம்பெனி கூப்பிட்டது. இன்று நல்ல வேலையில் இருக்கிறான். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை.

போன வாரம் அவன் அதை மேலே ஏற்றியபோதுதான் நிதானமாகப் படித்தேன். நாலாவதில், கவுன்சிலிங் எந்த மாதம் என்று எழுதியிருக்கிறான். ஆடி. எந்த வருடம் என்றும் எழுதியிருக்கிறான்.

அந்த வருடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மோட்டார் எரிந்துபோய், சித்திரையிலிருந்து ஐப்பசி வரை நிலம் தரிசாகக் கிடந்தது. நான் அதில்தான் சைக்கிள் பழகினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடியவன் நீதான்.

அண்ணா, கீரையே இல்லாத நிலத்தில் அப்பா எதற்கு மருந்தடித்தார்? 'இது ஒனக்கு எப்டிரா தெரியும்?' என்று அன்று அவர் கேட்டாரே, நீ அவரைப் பார்த்தாயா, இல்லையா? பார்த்திருந்தால், நீ நிற்பது தெரியாமல் அவர் உண்மையில் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை என்ன? எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதே, ஃபோன் பண்ணாதே. அந்தத் த்ரெட்டிலேயே, ஆறாம் பதிவுக்குக் கீழேயே, இதயம் போட்ட அத்தனை பேரும் பார்க்கப் பதில் எழுது.