கஜேந்தினி கேட்ட நேரம்

கஜேந்தினியைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அவளுக்குச் செய்ததைச் செய்தவள் நான்.

அவள் கோமாரி என்ற கடற்கரை ஊர்க்காரி. அவளுடைய தகப்பனைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கிய வீட்டில் இரண்டு வருசம் சமையலுக்கு நின்றாள். சண்டை முடிந்து அடுத்த வருசம் பொத்துவிலில் அப்துல் ஸமட் ஹாஜியாரின் விடுதிக்கு வந்தாள். தங்கச்சி பள்ளிக்கூடம் போவது இவள் சம்பளத்தில். என்னை எங்கள் வழக்கப்படி ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். அதிகம் கதைக்கமாட்டாள். நான் கதைத்தது போதும் போதுமென்று இருந்திருக்கும் அவளுக்கு.

நான் கல்முனைக்காரி, குவைத்தில் நாலு வருசம் இருந்து வந்தவள். வேலை கேட்கும்போது, "ஓவன் வேலையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அங்கே நான் பிள்ளை பார்த்தவள். ஓவனை மேடம் தொடவிடமாட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு உருளைக்கிழங்கை மைக்ரோவேவில் ஏழு நிமிசம் வைத்து, தோலை வீசிவிட்டு உள்ளதை மசித்துக் கொடுப்பேன். என் சமையல் அவ்வளவுதான். விடுதியின் காஸ் ஓவனைப் பார்த்தாலே பயம். முதல் கிழமையிலேயே அது பழுது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கஜேந்தினி தினமும் அதைத் துடைத்து வைத்தாள்.

ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு ஹாஜியார் வந்தார். அலையில் விளையாட வந்த எட்டுப் பேருக்கு ஏழரைக்குச் சுட்ட முழு உருளைக்கிழங்கு வேண்டுமாம்.

"தோல் மொறுமொறுண்டு இரிக்கணும் சபூறா. அதத்தான் அவங்க திங்கிற."

தோலையா! எங்கள் வீட்டில் அது கோழிக்குப் போகும். விருந்தாளிக்குத் தோலோடு வைத்தால் மானம் போய்விடும். ஆனாலும் "ஓம் ஹாஜியார்" என்றேன்.

அவர் போனதும் கஜேந்தினி ஒரு கிழங்கைக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"ராத்தா, நடுத்தரக் கிழங்கெண்டா ஓவனில ஒரு மணித்தியாலம். சின்னனுக்கு முக்கால். இது பெரிசு, ஒண்டேகால் ஆகும். இப்பயே கழுவிக் காய வைப்பமா?"

"ஓவன் பழுதெண்டு சொன்னன்தானே. எனக்குப் படிப்பிக்காத புள்ள."

ஏழு மணிக்கு எட்டையும் ஈரத்தோடு விடுதி மைக்ரோவேவுக்குள் அடுக்கினேன். ஒன்றுக்கு ஏழு நிமிசம் என்றால் எட்டுக்கும் ஏழுதான் என்று என் மூளை சொன்னது. திறந்தால் அத்தனையும் கல்லு. இன்னும் பதினைந்து நிமிசம் வைத்தேன். குத்தாமல் வைத்ததால் ஒன்று டப்பென்று வெடித்தது. மற்றதெல்லாம் வெந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த நீராவி தோலை ஊறப்போட்டிருந்தது. நெடுநேரம் துணி துவைத்த கைவிரல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது.

ஹாஜியார் வந்து ஒன்றை அமத்திப் பார்த்தார். "என்ன இது?"

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "இவள்தான் ஹாஜியார், கழுவிப்போட்டுத் துடைக்காம வச்சிட்டாள்."

"நாளையிலிரிந்து நீ வராத புள்ள" என்றார் அவர், அவளைப் பார்த்து.

அவள் அழவில்லை. "அரை மணித்தியாலம் தாங்க ஹாஜியார்" என்றாள். அவர் விருந்தாளிகளைச் சமாளிக்கப் போனதும், குனிந்து தீக்குச்சி கிழித்தாள். நான் பழுதென்ற ஓவன் நீலமாகப் பற்றியது. நிமிர்ந்து ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தாள். அது நல்ல ஓவன் என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஓவனை நன்றாகச் சூடேற விட்டாள். கிழங்குகளை ஈரம் போகத் துடைத்து, முள்ளுக்கரண்டியால் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, தட்டு வைக்காமல் கம்பியிலேயே இடம்விட்டு வைத்தாள். வெடித்ததற்குப் பதிலாக வேறொன்றைக் குத்தி மைக்ரோவேவில் தனியாக ஏழு நிமிசம் வைத்து, அதையும் ஓவனுக்குள் சேர்த்தாள். எட்டு மணிக்கு மேசைக்குப் போனபோது கத்தி பட்டதும் தோல் நொறுங்கியது. ஒருவரும் ஒரு துண்டுத் தோலை மிச்சம் வைக்கவில்லை.

எல்லாம் என் கைவேலை என்று நினைத்து ஹாஜியார் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "குவைத்துக் கை எண்டா சும்மாவா! ஓவனையும் திருத்திட்டாய். சரி கஜேந்தினி, நீயும் நில்லு. சபூறாக்கிட்டப் பழகு."

சொல்ல வேண்டிய நேரம் அது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த வேலைதான் சோறு. அதைச் சாட்டாகச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அடுத்தநாள் திரும்பவும் கிழங்கு கேட்டார்கள். ஹாஜியார் பக்கத்தில் நிற்கும்போதே கஜேந்தினி ஒரு பெரிய கிழங்கைத் தூக்கிக் காட்டினாள்.

"ராத்தா, இதுக்கு எவ்வளவு நேரம்?"

"பெரிசு" என்றேன். முந்தினநாள் அவள் சொன்ன கணக்கையே திருப்பிச் சொன்னேன். "ஒண்டேகால் மணித்தியாலம்."

"ஓம் ராத்தா" என்று சொல்லிவிட்டு, அவள் ஓவனைப் பற்றவைத்தாள்.