பெயர் சொல்லாத பேச்சு

பனச்சமூட்டில் ஒரு அக்காவின் தையல்கடைக்கு நான் ஆராய்ச்சிக்காகப் போனேன். தமிழும் மலையாளமும் ஒன்றாகப் புழங்கும் எங்கள் எல்லை ஊர்களில் ‘நான், அவன், அவள்’ என்பதை எப்போது வாய்விட்டுச் சொல்கிறோம், எப்போது விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் தலைப்பு. அத்தியாயத்தின் முடிவை முன்னமே எழுதி வைத்திருந்தேன். தமிழில் ‘வந்தாள்’ என்றால் வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும், அதனால் ‘அவள்’ தேவையில்லை. மலையாளத்தில் யார் வந்தாலும் ‘வந்நு’தான், அதனால் ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு அழகு! எழுதி முடித்தாயா என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த அத்தியாயம் தேறாவிட்டால் என் பட்டம் இன்னும் தள்ளிப்போகும்.

அக்காவின் மகளுக்கு முந்தின நாள்தான் நெய்யாற்றின்கரையில் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு அக்காவின் தங்கை இருந்தாள். பிறகு வருகிறேன் என்றேன். சும்மா இருந்தால் மனசு கிடந்து அடிக்கும், நீங்க கேளுங்க என்று அக்கா என்னை உட்கார வைத்தாள். அவள் கணவர் ஓரமாக பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இரண்டு மொழியிலும் சொல்லச் சொன்னேன். தமிழில் “ஓடுதான்” என்றாள். மலையாளத்தில் “அவன் ஓடுந்நு” என்றாள். படத்துக்குப் படம் நான் நினைத்தபடியே வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது தங்கையின் போன் வந்தது. அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தது.

“உணர்ந்நோ? கஞ்ஞி குடிச்சோ?” என்று மலையாளத்தில் கேட்டாள்.

பேச்சு முடியும்வரை ‘அவள்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வினையிலும் ஆளில்லை. ஆனாலும் அந்தக் கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கணவர் ஊசியைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“முழிச்சிட்டா. கஞ்சியும் குடிச்சிட்டா.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. கூடவே நான் முன்னமே எழுதி வைத்த முடிவு தப்பு என்றும் புரிந்தது. முன்பின் தெரியாத ஆளின் படத்தைத் திடீரென்று நீட்டினால் மலையாளத்தில் ‘அவன்’ என்று தொடங்கத்தான் செய்வார்கள். எல்லார் மனசிலும் ஒரே ஆள் இருந்தால் வினைக்கு வாலில்லாவிட்டாலும் பெயரை விட்டுவிடுவார்கள். நான் படத்தோடு வராமல் வெறுமனே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

பதிவை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மகளின் பெயரே அதில் இல்லையே, வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சிரித்தாள்.

சாயங்காலம் பாறசாலைக்குப் பஸ்ஸில் வரும்போது பேராசிரியரின் போன் வந்தது. அவரும் விளவங்கோட்டுக்காரர்தான்.

“எழுதியாச்சா மக்கா?”

யார், எதை என்று அவர் சொல்லவில்லை. அந்த ‘ஆச்சு’ யாருக்கும் பொருந்தும். நல்ல தமிழ்தான், வால்தான் இல்லை. என்னைத்தான் கேட்கிறார், அந்த அத்தியாயத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

“அழிச்சாச்சு சார்” என்றேன்.