மலசலகூடத்தை விட்டுக் கட்டிய மதில்

நீங்கள் பொய் சொன்னீர்கள். திறப்பு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஓலைத்தொடுவாய்க் கிராமத்துத் தாய்மார் முன்னால் சொன்னீர்கள்: "கொந்தராத்துக்காரர் பிந்திப்போட்டார். அதுதான் முன்பள்ளிக்கு இன்னும் மலசலகூடம் இல்லை." அந்த ஒப்பந்தகாரனான நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். நீங்கள் என்னைக் கண்டுகொண்டேதான் சொன்னீர்கள்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் மேசன் வேலை பழகித் திரும்பி வந்தவன் நான். எனக்குப் பட்டமும் இல்லை, பெரிய இயந்திரங்களும் இல்லை. சொன்ன நாளில் வேலையை முடித்துத் கதவுத் திறப்பைக் கையில் கொடுப்பவன் என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில்தான் நீங்கள் கை வைத்தீர்கள்.

உங்கள் தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டு வகுப்பறையும் மலசலகூடமும். பாதி வேலையில் ஜீப்பில் வந்து இறங்கினீர்கள்.

"வெளிநாட்டு ஆக்கள் வெள்ளன வருகினம். மூண்டு கிழமை முந்தித் திறக்கவேணும். முன்னால ஒரு மதிலும் பெயர் எழுதின வளைவும் வேணும். படத்தில வடிவாய் இருக்கும்."

"வேலையைக் கூட்டிப்போட்டு நாளைக் குறைச்சால் எப்பிடி சேர்?"

"ஆக்களைக் கூட்டுங்கோவன்."

"ஆக்களைக் கூட்டலாம். தண்ணியைக் கூட்டேலாது."

அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சீமெந்து குழைத்தால் கம்பி கறள் பிடித்துச் சுவர் வெடிக்கும். நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் கிழமைக்கு இரண்டு தரம்தான் வரும். குழைப்பதும் கட்டினதை நனைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். பத்து மேசன் நின்றாலும் தண்ணீர் அவ்வளவே. என்னோடு வேலை செய்யும் கிழவர் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சேர், மழையையும் கொந்தராத்தில சேர்த்து விடுங்கோ." நீங்களும் சிரித்தீர்கள்.

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். மூன்று வழி வைத்தேன். ஒன்று, ஒப்பந்த வேலை முழுவதும் பழைய நாளில், மதில் அதற்குப் பிறகு. இரண்டு, உங்கள் புதிய நாளில் ஒரு வகுப்பறையும் மலசலகூடமும், மற்றவை பிறகு. மூன்று, புதிய நாளில் ஒரு வகுப்பறையும் மதிலும். அப்படியென்றால் விழாவுக்கு முன் மலசலகூடம் வராது, விழா முடிந்து ஐந்தாம் கிழமைதான் முடியும், மற்ற வகுப்பறை அதற்கும் பிறகு. சின்னப் பிள்ளைகள் என்பதால் இரண்டாவதே நல்லது என்று அடியில் எழுதி, கோடும் கீறினேன். உங்கள் கந்தோரில் முத்திரை குத்தி ஒரு பிரதியை என் கையில் தந்தார்கள்.

இரண்டு நாளில் வந்தீர்கள். "மூண்டாவதைச் செய்யுங்கோ."

"எழுத்தில தாங்கோ சேர்."

"எழுதப் போனால் கொழும்பு வரைக்கும் இழுபடும். நான் சொல்லுறன்தானே."

நான் அசையவில்லை. அப்போதுதான் சந்தியில் இருக்கும் அந்தோனியார் கெபிக்கு நடந்துபோய், சிலையை மூடிய கண்ணாடியைத் தொட்டு முத்தமிட்டீர்கள். "அந்தோனியார் சாட்சி. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்ல விடமாட்டன்."

என் பிழை அதுதான். வேறு ஊர்க் கொந்தராத்துக்காரன் என்றால் கையெழுத்து வாங்கியிருப்பான். இந்தக் கரையில் ஒருவர் கெபியைத் தொட்டுச் சொன்ன பிறகு கடதாசி கேட்டால், அது அந்தோனியாரிடமே கடதாசி கேட்ட மாதிரி. நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர். அது தெரிந்துதான் தொட்டீர்கள்.

மதில் எழும்பியது. படம் எடுத்தீர்கள். பிள்ளைகள் கோவில் வளவு மலசலகூடத்துக்கு றோட்டைக் கடந்து போனார்கள். கடையடியில் ஒரு தாய் என்னைக் கேட்டார்: "மதிலுக்குப் பின்னால ஒதுங்கட்டோ மேசன், பிள்ளையள்?" அந்தக் கேள்வி உங்களுக்கு உரியது.

அடுத்த கிழமை பாப்பாமோட்டை விவசாயிகள் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. நெல் களஞ்சியம் கட்ட என்னைத்தான் பேசியிருந்தார்கள். "குறை நினையாதேங்கோ அண்ணை. சேர் மேடையில சொன்னதைக் கேட்டனாங்கள். நெல்லு வெட்டுக்கு முந்தி எங்களுக்குக் களஞ்சியம் வேணும். வேற ஆளைப் பிடிச்சிட்டம்."

மலசலகூடத்தை ஐந்தாம் கிழமையில் முடித்தேன், கடிதத்தில் சொன்னபடி. அன்றைக்கு ஒருவரும் ஒலிவாங்கி பிடிக்கவில்லை.

அதனால் நானே ஒரு வேலை செய்தேன். முத்திரை குத்திய அந்தக் கடிதத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, நீங்கள் அவசரப்படுத்திய அதே மதிலில், வளைவுக்குக் கீழே, உங்கள் பெயர்க்கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒட்டியது நல்ல தண்ணீரில் கரைத்த சீமெந்துப் பாலால். இலேசில் கழலாது. தாய்மார் நின்று வாசிக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுகிறார். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கிறது.

உடனே தொலைபேசியில் கோல் எடுத்தீர்கள். "அதைச் சுரண்டி எடுங்கோ. கந்தோருக்கு வாங்கோ, இருந்து கதைப்பம்."

"ஓம் சேர், கதைப்பம். ஒலிவாங்கியோட கதைப்பம்."

வைத்துவிட்டீர்கள். நான் வைக்கவில்லை. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மதிலடிக்கு வாருங்கள். அதே ஒலிவாங்கியை நான் கொண்டுவருகிறேன். அதே தாய்மார் நிற்பார்கள், பாப்பாமோட்டைச் சங்கத்தாரும் நிற்பார்கள். கெபி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: மலசலகூடத்தை விட்டுவிட்டு மதிலைக் கட்டச் சொன்னது யார்?