எட்டு மணிக்கு முன் அடித்த இன்வாய்ஸ்

எண்பதுகளின் நடுவில் சிராங்கூன் சாலையில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். கப்பல் கம்பெனிகளுக்கும் கிடங்குகளுக்கும் சரக்குக் கணக்குப் பார்க்கும் புரோகிராம்களை எழுதி விற்பார்கள். சிட்னி, ஹாங்காங், லண்டன், சான்பிரான்சிஸ்கோ என்று வாடிக்கையாளர்கள். அத்தனை பேருக்கும் இன்வாய்ஸ் அடித்து அனுப்புவது என் தலையில்.

கம்பெனியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர் மெஷின், எல்லார் திரையும் அதில்தான். பகலில் புரோகிராமர்கள் அதை விடமாட்டார்கள். நான் இன்வாய்ஸ் ஓட்டினால் அவர்கள் திரை நின்றுவிடும். "அக்கா, இப்ப வேணாம்க்கா" என்று கத்துவார்கள். அதனால் மானேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஏற்பாடு வாங்கியிருந்தேன். காலை ஏழு மணிக்கு வந்து, அவர்கள் வருவதற்குள் இன்வாய்ஸ்களை அடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடலாம்.

அந்த நான்கு மணிதான் என் குடும்பத்தைக் கட்டி வைத்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு மார்சிலிங்கில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சரியாக ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். நான் நான்கு ஐம்பதுக்குப் போய் மகளைக் கையில் வாங்குவேன். அவளுக்கு நான்கு வயது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது. மற்றபடி ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூக்கம். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை முதல் தேதி வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தேன். சிட்னிக்காரர்களுக்கு வருடாந்தரப் பராமரிப்பு இன்வாய்ஸ் அன்றுதான் போக வேண்டும். அவர்களுக்கு ஜூன் முப்பதோடு கணக்கு வருடம் முடிந்து, ஜூலை ஒன்றில் புது வருடம். அவர்கள் கொடுத்த ஆர்டரிலேயே "ஜூலை ஒன்றுக்கு முந்தைய தேதியில் வரும் இன்வாய்ஸ் ஏற்கப்படாது" என்று எழுதியிருந்தது. ஏழே காலுக்கு அடித்தேன். தொகையைப் பார்த்தேன், விலாசத்தைப் பார்த்தேன், உறையில் போட்டேன். தேதியை யார் பார்ப்பார்கள்? அதை மெஷின் தானே போடுகிறது. கையால் மாற்ற முடியாதபடி செய்து வைத்திருந்தார்கள், யாரும் முன்பின் தேதி போட்டு விளையாடக்கூடாது என்று.

பத்து நாள் கழித்து சிட்னியிலிருந்து டெலக்ஸில் செய்தி வந்தது. உங்கள் இன்வாய்ஸில் ஜூன் முப்பது என்று இருக்கிறது, பழைய வருடக் கணக்கை மூடிவிட்டோம், திருப்பி அனுப்புகிறோம், வேறு அனுப்புங்கள்.

மானேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை தவறாத மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

"நாலு மணிக்கு ஓடணும்னு முந்தின நாளே அடிச்சு வச்சிட்டீங்களா?"

"இல்ல சார். ஒண்ணாந்தேதி காலையிலதான் அடிச்சேன்."

"மெஷின் பொய் சொல்லுமா லா? இப்படித்தான் அவசர அவசரமா வேலை நடக்கும்னா, இந்த நாலு மணி ஏற்பாடே வேணாம்."

எனக்குக் கண்ணில் நீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று மாதமாக விடியுமுன் எழுந்து வந்து உழைத்ததற்கு இதுவா மரியாதை! பழைய கோப்புகளை இழுத்துப் போட்டேன். நான் ஏழு மணிக்கு வரத் தொடங்கியதிலிருந்து அடித்த ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஒரு நாள் குறைவாக இருந்தது. பதினாலாம் தேதி அடித்ததில் பதின்மூன்று, இருபதில் பத்தொன்பது. மாத நடுவில் ஒரு நாள் முன்னே போனால் யாருக்கு என்ன? அதனால் யாரும் கேட்கவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மூத்த புரோகிராமரைப் பிடித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மெஷின் கடிகாரம் உலகத்துக்கெல்லாம் பொதுவான கிரீன்விச் நேரத்துல ஓடுது. சிட்னியிலேருந்து ஒருத்தன் கூப்பிடுவான், லண்டன்லேருந்து ஒருத்தன் கூப்பிடுவான், எது முந்தி வந்துச்சுன்னு தெரிய எல்லாத்தையும் ஒரே நேரத்துல பதியணும்ல. நம்ம நேரம் அதுக்கு எட்டு மணி நேரம் முந்தி. இங்க காலையில எட்டு அடிச்சாத்தான் மெஷினுக்கு தேதி மாறும்."

"அப்போ ஏழே காலுக்கு அடிச்சா?"

"நேத்துத் தேதி. ஐயையோ!"

மறுநாள் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு ஒரு சோதனை இன்வாய்ஸ் அடித்தேன். பத்து நிமிடம் காத்திருந்து எட்டு ஐந்துக்கு இன்னொன்று. இரண்டையும் மானேஜர் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஒன்றில் நேற்று, ஒன்றில் இன்று.

அவர் இரண்டு தாளையும் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்போ சான்பிரான்சிஸ்கோக்காரனுக்கு? நம்ம காலையில அவனுக்கு இன்னும் நேத்துதானே?"

"அவன் தேதியும் வேணாம், மெஷின் தேதியும் வேணாம் சார். இன்வாய்ஸ் எங்கேருந்து போகுதோ அந்த ஊர்த் தேதி. எல்லா நாட்டுக்கும் அதே. பணம் கட்ட அதுலேருந்து முப்பது நாள் எண்ணிக்கச் சொல்லுவோம்."

"சரிதான்" என்றார். பிறகு, "சாரிம்மா, தப்பா நினைச்சிட்டேன்" என்றும் சொன்னார். மனசு குளிர்ந்து போயிற்று. சிட்னிக்குப் பழையதை ரத்து செய்து புதிய தேதியில் வேறொன்று அனுப்பினோம்.

அன்று பிற்பகலே ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. இனி காலை எட்டு மணிக்கு முன் யாரும் இன்வாய்ஸ் அடிக்கக்கூடாது. எட்டுக்குப் பின் மெஷின் புரோகிராமர்களுக்கு. ஆகவே இன்வாய்ஸ் வேலை மாலை ஐந்தரைக்கு மேல். என் நேரம் ஒன்பதிலிருந்து ஆறரை.

நான் புரோகிராமரிடம் ஓடினேன். "அச்சடிக்கும்போது எட்டு மணி நேரத்தைக் கூட்டிக்கச் சொல்லி எழுத முடியாதா?"

"ஒரே வரிதான்க்கா. ஆனா ஹாங்காங் வேலை தலைக்கு மேல கிடக்கு. முடிச்சிட்டு எழுதித் தரேன்."

அந்த ஒரு வரிக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பஸ் ஏறினார். நான் ஏழரைக்குப் போய் அவளை வாங்கும்போது அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்று அங்கேயே தூங்கியிருப்பாள். அவரோடு ஞாயிறு தவிரப் பேச்சே இல்லை. வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வோம்.

நவம்பரில் ஒரு நாள் புரோகிராமர் வரியை எழுதி முடித்தார். மறுநாள் ஏழு மணிக்கே வந்து ஒன்று அடித்தேன். அன்றைய தேதியே விழுந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு மானேஜரிடம் போனேன்.

"சார், சரியாயிடுச்சு. பழையபடி ஏழு மணிக்கு வரட்டுமா?"

"நல்லது, நல்லது. ஆனா இப்ப எல்லாரும் ஒரே நேரத்துக்குப் பழகிட்டாங்களே. அப்படியே இருக்கட்டும் லா."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"நான் முந்தின நாளே அடிச்சிருந்தாலும் நாலு மணியைப் பிடுங்கியிருப்பீங்க. அடிக்கலன்னு காட்டினதுக்கும் பிடுங்கிட்டீங்க. அப்போ நான் எதுக்கு சார் காட்டினேன்?"

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "யோசிக்கிறேன்மா" என்றார்.

வீட்டுக்குப் போய் மானேஜர் சொன்னதைக் காலண்டர் தாளில் எழுதி வைத்தேன். காலையில் நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுதியதற்குக் கீழே, "எதிர்வீட்டில் அரிசிக்குக் காசு கொடுத்துவிடு" என்று எழுதியிருந்தார்.