நாலாவது வரி

பல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற மாப்பிள்ளைக்கு மூன்று வரி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வரிக்கு வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அக்கா சுவர்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மூணு வரிக்கு இருபது நொடி. அதுக்கப்புறம் நீ மீன் மாதிரி வாயத் திறந்துக்கிட்டு நின்னது பதினோரு நொடி. ரெண்டையும் சேர்த்துக் கணக்குல எழுதட்டுமா மாப்ளே?"

அவள் மணப்பெண்ணின் அக்கா. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. இருபது வருடமாகப் பிறர் பேசுவதைக் கேட்டே பிழைப்பவள். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள், எந்த இடத்தில் திணறுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. பதிவு அலுவலகத்தில் அதிகாரி சட்டப்படியான வாசகத்தைச் சொல்வார், இருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவரவர் சொந்த வார்த்தையில் ஏதாவது சொல்லலாம். ஆளுக்கு ஒரு நிமிடம். ஒருவர் எழுதியதை மற்றவர் அன்றைக்குத்தான் கேட்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டையும் முன்கூட்டிக் கேட்கிற உரிமை அக்காவுக்கு மட்டும்.

பல்லி முதலில் எழுதிக் கொண்டுவந்தது இரண்டரைப் பக்கம். அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன, மேடைப் பேச்சா? 'உயிர் உள்ளவரை', அத அடிச்சிடு. 'ஏழேழு பிறவி', அதையும் அடிச்சிடு. அத நீ எந்த ஊர்ல பேசிக் கேட்ட? வாயில வர்ற பேச்சத்தான் எழுதணும். ஒரு வரி, ஒரு மூச்சு. மூச்சு பத்தலேன்னா ரெண்டா உடை. வாக்குன்னா நாளைக்கு அவ உன் சட்டையப் பிடிச்சு 'சொன்னியே, செஞ்சியா'ன்னு கேக்கற மாதிரி இருக்கணும். 'சந்தோஷமா வச்சுக்குவேன்'னா எத வச்சு அளக்கறது?"

அதன்பிறகு ஏழெட்டு வரியாகச் சுருங்கியது. கெட்டி அட்டையில், கட்டை விரல் நகம் அளவு எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, மூச்சு வாங்குகிற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு எழுதினான். அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், வாயை மறைக்கக் கூடாது. வரி முடிந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த வரி. உட்கார்ந்து படித்துப் பழகக் கூடாது. அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு நின்றுதான் பழக வேண்டும். எல்லாம் அக்காவின் சட்டம்.

"கனமான வரிய நடுவுல வை. கடைசில லேசா ஒண்ணு வை, அப்பத்தான் தடுமாறாம கரையேறலாம்," என்றும் சொல்லியிருந்தாள்.

அந்தக் கனமான வரிதான் நாலாவது வரி. *தினமும் சாயங்காலம் உன்கிட்ட பத்திரமா வந்து சேருவேன்.*

"வெட்கமா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

குழாயடியில் நின்று அவன் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டைக்கு மேலாக இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைப்பது பல்லிக்குத் தொழில். பேரும் அதனால் வந்ததுதான். பத்தொன்பது வயதில் கடை வாசல்களில் வாளியோடு ஆரம்பித்தவன், பன்னிரண்டு வருடத்தில் முப்பது மாடி வரைக்கும் வந்துவிட்டான். ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு. ஒன்று இறங்குகிற கயிறு. மற்றது காவல் கயிறு, முதலாவது கைவிட்டால் பிடித்துக்கொள்வதற்கு. கயிறு மொட்டைமாடி விளிம்பில் உராயாமல் இருக்க, அடியில் தடித்த துணிப்பட்டை ஒன்றை வைத்துக் கட்ட வேண்டும். இறங்குவதற்கு முன்னால் கூட்டாளி ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுக் கேட்பான்: "பார்த்தியா?" இவன் சொல்ல வேண்டும்: "பார்த்தேன், சரி."

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை, பல்லி பட்டையை வைத்தான். கட்டவில்லை. வாய்க்குள் அந்த நாலாவது வரியை உருப்போட்டுக்கொண்டிருந்தான். கை வேலையில் இருக்கும்போது சொல்லிப் பார்த்தால் நன்றாக மனதில் பதியும் என்று அவனாகவே கண்டுபிடித்த வழி. கூட்டாளி "பார்த்தியா?" என்றபோது, வரியை விட்டுவிடக் கூடாதே என்ற அவசரத்தில் பார்க்காமலே "பார்த்தேன், சரி" என்றான்.

இருபத்திரண்டாவது மாடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே பட்டை நகர்ந்துவிட்டது. கயிற்றின் உறை விளிம்பில் அறுபட்டது. பல்லி ஒரு கை நீளம் கீழே போனான். அவ்வளவுதான், ஒரே கை நீளம். காவல் கயிறு வெடுக்கென்று பிடித்து இடுப்பைச் சுவரில் அறைந்தது. வாளி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அது தரையில் விழுந்த சத்தம் வர எவ்வளவு நேரமானது என்பதை அவன் இன்றைக்கும் மறக்கவில்லை. "வந்து சேருவேன்" என்ற சொல் பாதியில் வாயில் நின்றிருந்தது.

நிறுவனத்தில் சொன்னான்; அங்கே அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள், இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். மணப்பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை. இடுப்பில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து அவள் கேட்டபோது, பேருந்துப் படியில் இடித்துக்கொண்டேன் என்றான்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய அப்பா தன் நோயை வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஆறு மாதம் மறைத்து வைத்திருந்தார். கடைசியில் அவருடைய இரத்தக் குப்பி அவள் மேசைக்கே வந்தது. பேரைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பழக ஆரம்பித்த புதிதிலேயே பல்லியிடம் சொல்லிவிட்டாள்: "என்னத் திட்டு, கோவிச்சுக்கோ, பரவால்ல. மறைச்சேன்னு தெரிஞ்சா அன்னைக்கோட சரி."

அன்னைக்கோட சரி.

குழாயடியிலிருந்து திரும்பி வந்து மறுபடி நின்றான். நாலாவது வரியில் மறுபடி அடைத்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் வரியை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வரி எங்கே போனதோ அங்கே போய்க் குரலும் நின்றது.

அக்கா பேனாவை மூடினாள். "மாப்ளே, கோர்ட்டுல நான் பார்த்திருக்கேன். அழுகை வர்ற எடத்துல குரல் உடையும். பொய் வர்ற எடத்துல குரலே வராது. உனக்கு உடையல. வரவே மாட்டேங்குது. என்ன விஷயம்?"

சொன்னான்.

"அவகிட்ட சொல்லு."

"சொன்னா கல்யாணம் இல்லக்கா."

"சொல்லாம அந்த வரிய அவ மூஞ்சியப் பார்த்துப் படிச்சிடுவியா?"

"வரிய எடுத்துடறேன்."

"அட்டையில இருந்து எடுக்கலாம்." அக்கா அவன் இடுப்பைக் காட்டினாள். "அங்க இருந்து?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்ல மாட்டேன். அது என் வேலையில்ல. ஆனா என்னைப் பொய் சொல்லவும் வைக்காத."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், பரிசோதனைக் கூடத்தின் பின்வாசலில் அவளைப் பிடித்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள், சிரித்துக்கொண்டே.

எல்லாவற்றையும் சொன்னான். பட்டையைக் கட்டாதது, பார்க்காமலே பார்த்தேன் என்றது, வாளி, பேருந்துப் படி.

அவள் கையுறையை விரல் விரலாக மடித்தாள்.

"எத்தன நாளாச்சு?"

"இருபது நாள்."

"இருபது நாளும் என்கூட உக்காந்து சாப்பிட்டே."

"ஆமா," என்றான்.

"நாளைக்குப் பத்து மணிக்குத்தானே?" என்றாள். அவன் தலையாட்டினான். "நீ போ. நான் வந்தா வருவேன்." கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பதிவு அலுவலகத்தின் மர இருக்கையில் பல்லி செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கூட்டாளி சாட்சிக்காக வந்திருந்தான். கூட்டாளிக்குப் பிடிக்காத புதுச்சட்டை அவன் கழுத்தை இறுக்கியது. அவளும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. அதிகாரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் பல்லிக்கு ஒரு கை நீளம் கீழே போவது போலிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்தார்கள்.

"பல்லி, மூச்சு விடுடா," என்றான் கூட்டாளி. "நீலமா ஆயிட்டே."

பத்தேகாலுக்கு அவள் வந்தாள், பின்னால் அக்கா. அவள் அவனைப் பார்க்கவில்லை. அதிகாரி முன் போய் நின்றாள். வந்துவிட்டாள் என்பதற்காக நிம்மதி வரவில்லை. வந்து நின்று "சம்மதமில்லை" என்றும் சொல்லலாமே.

சட்டத்தின் வாசகத்தை இருவரும் திருப்பிச் சொன்னார்கள். அவள் குரல் சுருதி மாறாமல், பரிசோதனை முடிவைப் படிப்பது போல வந்தது. பிறகு அதிகாரி அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். நேற்றுச் சாயங்காலம் நாலாவது வரியை அடித்துப் புதிதாக எழுதியிருந்தான். அதை அக்காகூடக் கேட்கவில்லை.

"முதல் தடவ பார்த்தப்ப நீ என் கையில ஊசி குத்தின." நிமிர்ந்து பார்த்தான். மூச்சு. "நான் மயங்கி விழுந்தேன். நீ சிரிக்கல." மூச்சு. "அன்னைக்கே உன் பக்கத்துல இருக்கணும்னு நெனச்சேன்."

நாலாவது வரி. எழுத்துகள் ஆடின. கால் விரல்களைச் செருப்பில் ஊன்றிக்கொண்டான்.

"தினமும் வந்து சேருவேன்னு என்னால சொல்ல முடியாது." குரல் வந்தது. மெலிதாக, ஆனால் வந்தது. "இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பார்ப்பேன்." மூச்சு. "சந்தேகம் இருந்தா இறங்க மாட்டேன்." மூச்சு. "எது நடந்தாலும் அன்னைக்கே உன்கிட்ட சொல்லுவேன். பயமா இருந்தாலும் சொல்லுவேன்." கடைசி வரி, லேசான வரி: "பாத்திரம் நான்தான் கழுவுவேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தாள்.

அவள் தன் அட்டையை எடுத்தாள். இரண்டு வரி நீல மையில் அடிக்கப்பட்டு மேலே புதிதாக எழுதியிருந்தது.

"நீ மயங்கினப்ப நான் சிரிச்சேன்," என்றாள், அட்டையைப் பார்க்காமல். "நீ பார்க்கல."

கூட்டாளி கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் நான் பயப்படுவேன். அத உன்கிட்ட மறைக்க மாட்டேன்." மூச்சு. "நீ வந்து எது சொன்னாலும்..."

நின்றுவிட்டது. எத்தனையோ பேருடைய நரம்பை ஒரே குத்தில் பிடிக்கிற அந்தக் கை, அட்டையின் மூலையை மடித்து மடித்துப் பிரித்தது. பல்லிக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. அக்காவின் சட்டம் நினைவுக்கு வந்தது: அவ நின்னா நீ பேசாத, அவ வரி, அவதான் முடிக்கணும், நீ மூச்சு விடு, அவ அதப் பார்த்து விடுவா.

மூச்சு விட்டான். சத்தம் கேட்கும்படி, மெதுவாக. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவளும் விட்டாள்.

"நீ வந்து எது சொன்னாலும் முழுசாக் கேப்பேன்," என்றாள். "கேட்டு முடிச்சிட்டுத்தான் கத்துவேன்."

அதிகாரி கையெழுத்துப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். குனிந்து பேனாவை எடுக்கும்போது அவள் அவனுடைய இடுப்பை, கன்றிப்போன அந்த இடத்தை, சட்டைக்கு மேலாக ஒரு விரலால் தொட்டாள்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது," என்றான் பல்லி.