நண்டுக்கறிப் பெட்டியில் ஒரு சோற்றுப் பருக்கை

வீட்டுச் சாப்பாட்டைக் கைப்பேசிச் செயலியில் போட்டு விற்கலாம் என்று மனைவி சொன்ன அன்றே, இதில் எங்கோ ஒரு சுத்துமாத்து இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நான் கடைக்காரன் பிள்ளை. தெற்கில் அப்பா நடத்திய சைவக் கடையில் காசு மேசைக்குப் பின்னால் வளர்ந்தவன். யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் முதலில் கல்லாவைப் பூட்டத்தான் எனக்குக் கை போகும்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஊர்காவற்றுறை. மனைவியின் கண் வைத்தியத்துக்காகப் பண்ணைப் பாலத்தின் நகரப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். கண் சுகமான பிறகும் அங்கேயே இருந்துவிட்டோம். செயலிக்காரர் யாழ்ப்பாண நகரத்துக்குள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள், தீவுப் பக்கம் வரமாட்டார்கள். ஆனால் நண்டு மட்டும் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடும்.

செயலியில் சேர்க்க ஒருவர் வந்தார். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சுகாதாரப் பரிசோதகரின் சான்றிதழ் எல்லாம் கேட்டார். ஒவ்வொரு ஓடரிலும் கால்வாசிக்கு மேல் அவர்களுக்குக் கழிவாம். மிச்சம் கிழமைக்கு ஒருமுறை வங்கிக்கு வருமாம்.

"சமைக்கிறது நாங்கள். அடுப்பு எங்கடை, விறகு எங்கடை. உங்களுக்கு என்னத்துக்குக் கால்வாசி?" என்று கேட்டேன்.

"அதுக்கேத்த மாதிரி விலையைக் கூட்டிப் போடுங்கோ ஐயா, எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். எல்லாரும் அப்பிடித்தான் என்ற சொல்லைக் கேட்டதும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

பரிசோதகர் வந்தார். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தார். சமைக்கிற குசினியின் வடிகாலைக் குனிந்து பார்த்தார். மனைவியின் நகங்களைக்கூடப் பார்த்தார். தேத்தண்ணி குடிக்காமலே போனார். குடிக்காமல் போகிறவர் பிறகு வேறு எதையோ கேட்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, சான்றிதழ்தான் வந்தது.

படம் எடுக்க வந்த பெண் நண்டுக்கறிக்கு எண்ணெய் பூசச் சொன்னாள், பளபளக்குமாம். மனைவி மறுத்துவிட்டாள். "கறி எப்பிடி இருக்குதோ அப்பிடியே எடும் பிள்ளை. பிறகு படத்தைப் பாத்து வாங்கினவை என்னையெல்லோ ஏசுவினம்" என்றாள். வெளிச்சத்துக்காகக் கிணற்றடிக்கு வெண்கலத் தட்டைக் கொண்டுபோய், முருங்கையிலை போட்ட அந்தக் கறியை அப்படியே படம் எடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் யாரையும் சந்தேகிக்கவில்லை.

ஓடர்கள் வரத் தொடங்கின. பொதி செய்வதுதான் பெரிய பாடு. நண்டுக் கால் பையைக் குத்திக் கிழித்தது, குழம்பு வழிந்தது. கடைசியில் மூடி இறுக்கமான பெட்டிகள் வாங்கினோம். மூடிக்கும் பெட்டிக்கும் குறுக்கே ஒட்ட ஒரு ஸ்டிக்கர், பிரித்தால் கிழிந்து காட்டிக்கொடுக்கிற வகை. மனைவி குசினியில் ஒட்டித் தருவாள். நான் முன் விறாந்தையில் மேசை போட்டு இருந்து, பெட்டியைக் கொண்டுபோக வருகிற செயலி ஆளிடம் ஓடர் இலக்கம் கேட்டுக் கொடுப்பேன்.

சாப்பிட்டவர்கள் நட்சத்திரம் போட்டு, இரண்டு வரி எழுதினார்கள். இரவில் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிப்பாள். ஒருநாள் சொன்னாள்: "முப்பது வருசமா உங்களுக்கும் பிள்ளையளுக்கும் சமைச்சனான். நல்லாயிருக்கெண்டு ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை. இதிலை ஆரெண்டே தெரியாததுகள் எழுதுதுகள்." எனக்குச் சுருக்கென்றது. அந்த நட்சத்திரங்கள் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவை குறையத் தொடங்கின. 'பெட்டி திறந்து ஒட்டப்பட்டிருக்கிறது.' 'யாரோ கை வைத்திருக்கிறார்கள்.' சுத்தத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். மதிப்பு இன்னும் இறங்கினால் எங்கள் குசினியைச் செயலியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று நிறுவனத்திலிருந்து அறிவித்தல் வந்தது. மனைவி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். குசினித் தரையை ஒரு நாளைக்கு மூன்று தரம் கழுவினாள்.

எனக்குக் கள்ளன் யாரென்று தெரியும். அநேகமாக ஒரே ஆள்தான் பெட்டி எடுக்க வருவார். முன்பு ஓட்டோ ஓட்டியவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் நின்று நண்டு மணத்தை மூச்சிழுத்து, "அக்காவின்ரை கறி மணம் பண்ணைப் பாலம் மட்டுக்கும் வருது அண்ணை" என்பார். பசித்த மனிதன், மூடிய பெட்டி, தனி ரோட்டு. வேறு என்ன வேண்டும்?

ஆதாரம் சேர்க்கத் தொடங்கினேன். உண்மையில் அது எனக்குப் புதுப் பழக்கமில்லை. அப்பாவின் கடையில் எந்தப் பார்சலையும் காசு மேசையில் பிரித்துப் பார்க்காமல் கைமாற்றக் கூடாது. அது அப்பாவின் கட்டளை. அதனால் முதல் நாளிலிருந்தே, மனைவி உள்ளே போன பிறகு, பெட்டியை மெல்லத் திறந்து துண்டு சரியா, குழம்பு குறைவா என்று பார்ப்பேன். திரும்ப ஒட்டும்போது ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பி நிற்கும். கடையில் கடித உறையை ஒட்டுவதுபோல ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்துவிடுவேன். அவர் வரமுன் காய்ந்துவிடும். கள்ளனைப் பிடிப்பதற்காக இப்போது அதோடு படமும் எடுத்தேன். திறந்த பெட்டி நிறைய நண்டு, பக்கத்தில் நேரம் காட்ட என் கைக்கடிகாரம். இங்கிருந்து போகும்போது பெட்டி நிறைவாக இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

பதினொரு படங்களை இணைத்து நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினேன். விசாரணை முடியும்வரை அவருடைய கணக்கு நிறுத்தப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. கடைக்காரன் பிள்ளையிடமா விளையாட்டு என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இன்னொரு பதில் வந்தது. மனைவிதான் திறந்து உரத்து வாசித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படத்தை அதில் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள். ஸ்டிக்கருக்கு அடியில் நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை. அதற்குக் கீழே நான் அனுப்பிய படம். திறந்த பெட்டி, கிழிந்த ஸ்டிக்கர், என் மேசையில் சிரட்டையில் நாலைந்து பருக்கைகள். பொதி செய்தபின் உங்கள் இடத்திலேயே பெட்டியைத் திறந்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். சிரட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் குறைச்சுப் போடுவன் எண்டு நினைச்சியளே?"

"இல்லையப்பா, கடைப் பழக்கம்..."

"அப்ப கூடப் போட்டிடுவன் எண்டு."

அவள் சொன்ன இரண்டுமே உண்மை. அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்றே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு எழுதினேன். பெட்டியைத் திறந்தது நான், பருக்கை என்னுடையது, அவர் குற்றமற்றவர். எங்களை ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். நான்கு நாள் உழைப்பில்லாமல் இருந்தவருக்குக் கணக்கு திரும்பக் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் அவரே வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கமுன், "இலக்கம் சொல்லுறன் அண்ணை" என்று இலக்கத்தைச் சொன்னார். மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கைப்பேசியை எடுத்து, ஸ்டிக்கர் தெரிய, அதைப் பிடித்திருந்த என் கையும் தெரிய ஒரு படம் எடுத்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. இனி இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கினார்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவர் ஒவ்வொரு பெட்டிக்கும் படம் எடுக்கிறார். நானும் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.