என் கையில் ஏறிய வளையல்கள்

என் கணவர் போட்டோ ஸ்டுடியோவில் ரீடச்சிங் வேலை பார்த்தார். படத்தில் தழும்பை மறைப்பது, மூடிய கண்ணைத் திறந்து காட்டுவது, நகை சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்டுடியோவில் வெளிச்சம் போதாது என்று, நுணுக்கமான வேலைகளை, பட்டு நெசவு நடக்கும் பிள்ளையார்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே எடுத்து வருவார்.

நான் ஏழு மாத கர்ப்பமாக இருந்தபோது, பெரிதாக்கிய ஒரு பெண்ணின் படத்தோடு வந்தார். இருபது வயது இருக்கும். நாற்காலியின் முதுகில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை மூளியாக இருந்தது. பட்டு நூல் இழைக்கும்போது கண்ணாடி வளையலில் நூல் மாட்டும் என்று எங்கள் தெருப் பெண்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். இவளும் அப்படி வேலையில் இருந்தபோது, அவள் வீட்டிலேயே யாரோ எடுத்த படமாம்.

அந்தக் கைக்கு வளையல் போட வேண்டும். வேறொரு தாளில் முதலில் வரைந்து பார்த்தார். ஒரே இடைவெளியில் வளையம் வளையமாக வந்தது. "கட்டுப் போட்ட மாதிரி இருக்குது" என்றேன். அவருக்கும் திருப்தியில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கரும்பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

"இதை மாட்டிக்கினு ஜன்னல்கிட்ட உக்காரு. அந்தப் பொண்ணு மாதிரி நாற்காலி மேல கை வை."

"யாருதுங்க?"

"படத்துக்குக் குடுத்தாங்க" என்றார் குனிந்தபடி.

என் கை வீங்கியிருந்தது. விரல்களைக் குவித்து மெல்ல ஏற்றினேன். கை சற்று உயர்ந்திருந்ததால் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து பின்னால் நகர்ந்து, சதை பருத்த இடத்தில் நின்றன. இரண்டு ஒட்டிக்கொண்டன. ஒன்று சாய்ந்து அடுத்ததன் மேல் ஏறியது. ஒன்று மட்டும் விலகிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் படத்தில் இருந்ததைப் போலவே இடப்பக்கத்திலிருந்து வந்தது. வளையல்களின் வலப்பக்கம் தோலில் மெல்லிய நிழல்கள் விழுந்தன. கண்ணாடியை ஒட்டிக் கருப்பாகத் தொடங்கி, கையின் உருட்சியோடு வளைந்து, மங்கித் தோலோடு கலந்தன.

அவர் மெல்லிய தூரிகையை மையில் தொட்டுப் படத்தில் கோடுகளை இட்டார். மேலே ஏறிய வளையல் மறைத்த இடத்தில் அடுத்ததன் கோட்டை நிறுத்தினார். கையின் விளிம்பைத் தாண்டி எதையும் வரையவில்லை, அதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே. பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டு நிழலை ஒற்றினார். கடைசியில் கத்தி முனையால் லேசாகச் சுரண்ட, வளையல்களில் வெளிச்சம் மின்னியது. அந்தப் பெண் உண்மையிலேயே அணிந்திருப்பதாகத் தோன்றியது.

வளையல்கள் கழலவில்லை. "சாயங்காலம் எண்ணெய் தடவிக் கழட்டலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டுடியோவுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் வந்தார். படம் இங்கே இருப்பதாக ஸ்டுடியோவில் சொன்னார்களாம். உட்காரச் சொல்லிச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் செம்பை வாங்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"இது என் பொண்ணு வளையல்மா."

"படத்துக்காக மாட்டச் சொன்னாரும்மா. கழல மாட்டேங்குது. பொண்ணு எங்க இருக்காங்க?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பதில் சொல்ல மனமில்லாமல் சொன்னது போலிருந்தது. "பிரசவத்துல போயிட்டாம்மா. குழந்தையும் தங்கல."

செம்பு கீழே விழுந்தது. வளையல்களைப் பிடித்து இழுத்தேன். தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. உடைந்தால் என்ன ஆகும், உடையாமல் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பயமும் சேர்ந்துகொண்டன.

"இழுக்காதம்மா. குத்திடும்" என்று அவர் என் கையைப் பற்றினார். பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோப்பைக் குழைத்துத் தடவினார். என் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்தி, ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றும் உடையவில்லை. கழுவித் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இதைப் போட்டதால உனக்கு ஒண்ணும் வராது. என் பொண்ணு யாருக்கும் கெடுதல் நெனைக்கமாட்டா" என்றார்.

படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். வளையல்கள் இருந்த இடத்தில் விரல் வைக்கப் போய், மை கலையுமோ என்று எடுத்துக்கொண்டார். "எப்பவும் ஒண்ணு மேல ஒண்ணு இப்படித்தான் ஏறிக்கினு இருக்கும்" என்றார். அப்போதுதான் சத்தமில்லாமல் அழுதார். படத்தில் இருப்பது என் கையில் விழுந்த நிழல் என்று நான் சொல்லவில்லை.

கணவர் வந்ததும், ஏன் சொல்லாமல் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "சொல்லியிருந்தா போட்டிருப்பியா?" என்றார்.

"மாட்டேன். அதனாலதான் சொல்லியிருக்கணும்."

அன்று அவர் சாப்பிடவில்லை.

வளைகாப்பில் வளையல்காரர் கையைத் தொட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் மயக்கம் என்று நினைத்தார்கள். பிரசவம் வரை இரவில் பலமுறை விழித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்திருக்கிறேன். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

அந்த அம்மாள் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். குழந்தையைத் தூக்கக் கேட்பாரோ என்று ஒரு கணம் பயந்தேன். அவர் கேட்கவில்லை, வாசற்படியருகே தயங்கி நின்றார். நானே தூக்கிப்போய் அவர் கையில் கொடுத்தேன்.